பத்திரத்தைத் திறக்க முடியவில்லை

அந்த மின்னஞ்சலை நான் பார்த்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். எங்கள் லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடைக்காது. தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, ரோடு வளைகிற இடத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும், மழை இல்லாவிட்டால் மூன்று. நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் அங்கே ஐந்து நிமிடம் நிற்பேன்.

மின்னஞ்சல் எனக்கு வந்ததல்ல. சின்னம்மா மகளுக்கு, என் தங்கச்சிக்கு, வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான கல்லூரி ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பத்தை நிரப்பியது, அவளுக்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கியது, ஆவணங்களைப் பதிவேற்றியது எல்லாம் நான். அவளுடைய போன் உடைந்து கிடந்ததால் அந்தக் கணக்கு என் போனில்தான் திறந்திருந்தது.

கடிதம் நான்கே வரி. தங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் திறக்க முடியவில்லை. இரு பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, ஒரு எம்பிக்கு மிகாமல், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் மீண்டும் பதிவேற்றவும். இந்த வாய்ப்பு ஒரு தடவைக்கு மாத்திரமே. தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

வெள்ளிக்கிழமை என்றால் நாளைக்கு. அனுப்பிய திகதியைப் பார்த்தேன். மூன்று நாளைக்கு முன்பு வந்திருந்தது. நான் என் மின்னஞ்சலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சின்னம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் பட்டம் எடுத்து வந்த வருசத்திலிருந்து எங்கள் லயத்திலும் மேல் லயத்திலும் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அடையாள அட்டைப் படிவம், ஆஸ்பத்திரிக் கடிதம், வங்கிக் கடிதம், எல்லாம். எனக்கு அது பிடித்திருந்தது. யாராவது "பசறை டவுனுக்குக் கொண்டுபோய் கொமியுனிகேஷன் கடை நானாகிட்ட குடுத்து அடிக்கணுமா?" என்று கேட்டால், "அவரு செய்யிறத நான் செய்ய மாட்டேனா" என்பேன். அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

பாறையில் நின்றபடியே போனில் அந்தக் கோப்பைத் தேடித் திறந்தேன். வெள்ளைத் திரை. "இந்தக் கோப்பைத் திறக்க முடியாது" என்று ஒரு வரி. மறுபடி தொட்டேன். அதே வரி.

அப்போதுதான் நான் செய்த வேலை முழுவதும் எனக்கு விளங்கியது.

இரண்டு வாரத்துக்கு முன், இதே பாறையில் நின்றுதான் விண்ணப்பத்தை அனுப்பினேன். பெறுபேற்றுத் தாளில் பிரச்சினை இருக்கவில்லை. அது இணையத்திலிருந்து பிடிஎஃப் ஆகவே இறங்கியிருந்தது. பிறப்புப் பத்திரத்தைச் சின்னம்மா வீட்டுத் தகரப் பெட்டியின் மூடியில் வைத்து, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்திருந்தேன். படிவம் முதலில் அதைப் பெரியது என்று தள்ளியது. நாலு எம்பிக்கு மேல். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது: படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பி, அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னால் சின்னதாகிவிடும். என் தோழிக்கு அனுப்பி வாங்கினேன். முந்நூறு கேபிக்கு வந்துவிட்டது. அடுத்து படிவம், பிடிஎஃப் மட்டும்தான் ஏற்கும் என்றது. நான் போனில் கோப்பின் பெயரைத் தொட்டு, கடைசியில் ஜேபிஜி என்று இருந்த மூன்று எழுத்தை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று அடித்தேன். படிவம் ஏற்றுக்கொண்டது. பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது.

படிவம் பெயரின் வாலை மட்டும்தான் பார்த்திருக்கிறது. உள்ளே இருந்தது அதே படம்தான். மாவு டப்பாவில் சீனி என்று எழுதி ஒட்டியது மாதிரி. பதிவேற்றுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பின்பக்கத்தையும் எடுக்கவில்லை.

சின்னம்மா வீட்டுக்குப் போனபோது அவர் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்லூரியிலேருந்து கடிதம் வந்திருக்கு சின்னம்மா," என்றேன்.

தங்கச்சி ரொட்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"என்னா சொல்றாங்க?"

"பொறப்புப் பத்திரத்தத் திறக்க முடியலியாம்."

கடிதத்தின் முதல் வரியை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் சின்னம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

உப்புத் தண்ணீர்க் கையோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நெனச்சேன்," என்றார். "நம்ம பத்திரம்ல. எங்க சரியா இருந்திருக்கு?"

சின்னம்மாவின் பிறப்பைப் பிறந்தபோது யாரும் பதியவில்லை. அவருக்கு இருபது வயதுக்கு மேல்தான் ஒரு பத்திரம் கிடைத்தது, அதிலும் பிறந்த மாதம் ஊகம்தான். கலியாணப் பதிவு, அடையாள அட்டை, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அந்தப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சரிவராது, போய் வேற கொண்டு வாங்க" என்பார்கள். அதனால் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டாராம், இந்தப் பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில்தான் பிறக்கணும், பத்திரம் உடனே எடுக்கணும் என்று. எடுத்தார். லயத்து ஈரத்தில் கெட்டுவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியும் வைத்தார். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமாக வைத்த பொருள் வேறு இல்லை.

"எது பெழையாம்? பேரா? தேதியா?" தங்கச்சி கேட்டாள்.

"அது எழுதல."

"சத்தியக் கடதாசி குடுத்தா எடுப்பாங்களா?" சின்னம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் வந்து சொல்றேன். பெத்தவ நான்தானே. எங்கனாலும் வந்து சொல்றேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். பத்திரத்தில் ஒன்றும் இல்லை, நான்தான் பிழையாக அனுப்பினேன் என்று ஒரு வரி. வாய் வரவில்லை. "நாளைக்குப் பசறைக்குப் போய் ஸ்கேன் பண்ணி அனுப்புவோம்" என்று மட்டும் சொன்னேன். "நாலு மணிக்குள்ள."

"நானும் வாரேன்," என்றார் சின்னம்மா. "பத்திரத்த நான் கையவிட்டுக் குடுக்க மாட்டேன்."

"ஒங்களுக்கு பேர் போயிருமே." காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. அந்த மாதம் அவருக்கு ஏற்கெனவே காய்ச்சலில் நான்கு பேர் போயிருந்தது.

"போனா போகட்டும்."

மறுநாள் எட்டு மணி பஸ் வரவில்லை. லுணுகலைப் பக்கம் முந்தின இரவு பெய்த மழையில் எங்கேயோ மண் சரிந்துவிட்டது என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரத்தில் நின்றோம். சின்னம்மா கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டியிருந்தார். பத்திரத்தை ஒரு துவாயில் சுற்றி, அதை ஒரு பையில் வைத்து, பையை மார்போடு அணைத்திருந்தார். பெரட்டு முடிந்து மலைக்கு ஏறிய பெண்கள் கேட்டுக்கொண்டே போனார்கள்.

"எங்கக்கா வெள்ளனயே, சோடிச்சிக்கிட்டு?"

"பத்திரம் பெழையாம். காட்டப் போறோம்."

"அதான் நம்ம டீச்சர் இருக்காங்களே. இவங்க கைல பட்டா சரியாகிருமே."

அவர்கள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பத்தரைக்குத்தான் ஒரு பஸ் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, பசறையில் இறங்கும்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கொமியுனிகேஷன் கடைக்கு முன்னால் போய் நின்றபோது கதவு பூட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை என்பது எனக்கு நினைவிருந்தது. ஜும்மாத் தொழுகை நாள் என்பது நினைவில்லை. கடைக்கார நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை இருந்தது, அங்கே போட்டோகொப்பி மட்டும்தான். அந்தப் பையன், "ஸ்கேனுக்கு நானா கடைக்குத்தான் போகணும் மிஸ்" என்றான்.

மூடிய கதவுக்கு முன்னால், கடைப்படியில் உட்கார்ந்தோம். ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது. தங்கச்சி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதை விட்டால் அடுத்த வருசம் வயது தாண்டிவிடும். அவளோடு படித்தவர்களில் இரண்டு பேர் கொழும்பில் உடுப்புக் கடைகளில் நிற்கிறார்கள். ஒருத்தி கட்டார் போய்விட்டாள். ஏஜென்சிக்காரர் சின்னம்மா வீட்டுக்கும் ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா," என்று மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கடிதத்தக் காட்டுங்களேன்."

போனைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். பிறகு 'பிடிஎஃப் கோப்பாக' என்ற இடத்தை மறுபடி வாசித்துவிட்டுப் போனைத் தந்தாள்.

ஒன்றரைக்கு நானா தொப்பியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், எப்போதும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருப்பார், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"டீச்சரா? இந்தப் பக்கம் வர மாட்டேன்னு சொன்னதாக் கேள்விப்பட்டேனே."

"அவசரம் நானா. நாலு மணிக்குள்ள அனுப்பணும். ஒரே சான்ஸ்தான்."

"உள்ள வாங்க, உள்ள வாங்க. மொதல்ல எது போயிருக்குன்னு பாப்பம்."

போனைக் கேபிளில் மாட்டினார். நான் அந்தக் கோப்பைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். பெயரின் கடைசி மூன்று எழுத்தையும் மாற்றி ஜேபிஜி என்று அடித்தார். உடனே திரை நிறையப் பத்திரத்தின் படம் விரிந்தது. தெளிவில்லாமல், நடுவில் பெரிய வெள்ளைப் பொட்டோடு.

"பாருங்க, இது பிடிஎஃப்பே இல்ல. படம். பேர மட்டும் மாத்தி ஈக்கி," என்றார். "யார் செஞ்ச வேல இது?"

சின்னம்மா பையைப் பிடித்தபடி நின்றார். தங்கச்சி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"நான்தான் நானா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ம்," என்றார். "நெறைய பேர் செய்யிறதுதான். போத்தலுக்கு லேபல் மாத்தினா உள்ள ஈக்கிறது மாறாதே."

"அப்ப," சின்னம்மா குறுக்கே வந்தார், "பத்திரம்?"

"பத்திரத்துக்கு என்னம்மா? பத்திரம் நல்லா ஈக்கி. அனுப்பின விதம்தான் பெழ."

சின்னம்மா அவரையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. துவாயைப் பிரித்துப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

இனி சுலபம் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

நானா பத்திரத்தை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து மூடினார். ஒளி போய் வந்தது. திரையில் படம் சுத்தமாக விழுந்தது. ஆனால் கீழ்ப்பகுதி இல்லை. பழைய பிறப்புப் பத்திரங்கள் நீளத் தாளில் இருக்கும். கண்ணாடி சாதாரணத் தாளின் அளவுதான். பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடைசி மூன்று அங்குலம் வெளியே நின்றுவிட்டது.

"மேலே இருந்து இழுக்கிற இதுல போட்டா என்ன?" என்று கேட்டேன். ஸ்கேனரின் தலையில் நீளத் தாளையும் உள்ளே இழுக்கும் ஒரு வாய் இருந்தது.

"உறை போட்டதுன்னா வேணாம். சிக்கினா பத்திரமும் போகும், மெஷினும் போகும்."

சின்னம்மாவின் கை தானாகப் பத்திரத்தின் மேல் போனது.

"ரெண்டு துண்டா எடுத்து ரெண்டு பக்கமாப் போடலாம்," என்றார் நானா. "ஆனா அங்க ஈக்கிறவர் வெட்டின பத்திரம்னு தள்ளினா நான் பொறுப்பில்ல. ஒரே சான்ஸ்னுதானே சொன்னீங்க."

சுவரில் இருந்த மணிக்கூடு இரண்டு பத்து காட்டியது. பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். இந்த நேரத்துக்குப் போனால் திங்கட்கிழமை வா என்பார்கள் என்றார் நானா.

"திரும்பப் படம் எடுப்போம்," என்றேன். "போன்ல. ஃபிளாஷ் இல்லாம, வெளிச்சத்துல. ஒங்க கம்பியூட்டர்ல பிடிஎஃப் ஆக்கலாம்தானே?"

"ஆக்கலாம். படம் நல்லா ஈக்கணும்."

கடை வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதைத் துடைத்துப் பத்திரத்தை வைத்தேன். மழை மூட்டம், ஆனாலும் வானம் வெள்ளையாக இருந்தது. போனை நேராகப் பிடித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள் எழுத்துக்குப் பதிலாக வானம் தெரிந்தது. பெஞ்சைத் திருப்பினோம். தெரு மறுபக்கத்துக் கடையின் பெயர்ப் பலகை தெரிந்தது. இன்னும் திருப்பினோம். என் முகமே தெரிந்தது. ஏழெட்டுப் படம் எடுத்தேன், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு இடத்தில் வெள்ளை. கை கொஞ்சம் ஆடினாலும் எழுத்து இரட்டித்தது.

"வானந்தானே தெரியுது," என்றார் சின்னம்மா பின்னால் இருந்து. அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அதுதான். தன் கறுப்புக் குடையை விரித்து எனக்கு முதுகுப்பக்கமாக வந்து நின்று, என் தலைக்கும் போனுக்கும் மேலே பிடித்தார். "இப்பப் பாரு."

உறைக்குள் வானம் இல்லை. கறுப்பு மட்டும்தான் தெரிந்தது, அதன் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றும் நின்றன. பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் போதுமான அளவு வந்தது. முழங்கையைப் பெஞ்சில் ஊன்றி, மூச்சைப் பிடித்து எடுத்தேன். தங்கச்சி பத்திரத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தையும் எடுத்தேன்.

"ஆடாதே," என்று சின்னம்மா சொன்னார். யாரிடம் என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேருமே ஆடாமல் நின்றோம்.

படத்தை நானாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போனேன். அவர் தடுத்தார்.

"படமா அனுப்பினா அது பிழிஞ்சிட்டுத்தான் குடுக்கும். கேபிள்ல எடுப்பம். அதுதான் முழுசா வரும்."

நானா எழுத்து அடிக்கிற மென்பொருளைத் திறந்து, தாளின் அளவை நீளத் தாளாக மாற்றினார். இரண்டு பக்கம். பெஞ்சின் ஓரத்தை வெட்டிவிட்டு ஒவ்வொரு படத்தையும் ஒரு பக்கமாக வைத்தார். பிடிஎஃப் ஆகச் சேமித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு அழுத்தலையும் பார்த்தேன். முன்பு என்றால் இப்படி நின்று பார்த்திருக்க மாட்டேன்.

"ஒண்ணு தசம் மூணு எம்பி," என்றார். "கூடிப்போச்சி."

மறுபடி சேமித்தார், இந்த முறை மிகச் சிறிய அளவு என்று இருந்ததைத் தெரிவுசெய்து. நூற்று நாற்பது கேபி. நான் பெருமூச்சு விட்டேன். பிறகு கோப்பைத் திறக்கச் சொன்னேன். பெரிதாக்கினோம். பெயர் வாசிக்க முடிந்தது. பதிவு இலக்கத்தில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பதிவாளரின் முத்திரை ஊதா நிறத்தில் ஒரு கறை.

"வேணாம் நானா."

"ஒரு எம்பிக்குள்ளதானே வந்திரிச்சி?"

"நூத்தி நாப்பதுக்கு ஏன் போகணும்? ஆயிரம் வரைக்கும் இடம் இருக்கு. நடுவுல ஒண்ணு பாருங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது சரி," என்றார். மூல ஆவணத்துக்குப் போய், படங்களின் அடர்த்தியை மட்டும் ஒரு படி குறைத்தார். அங்குலத்துக்கு இருநூற்று இருபது புள்ளியில் இருந்து நூற்றைம்பதுக்கு. சாதாரணமாகவே பிடிஎஃப் ஆகச் சேமித்தார்.

அறுநூற்று எண்பது கேபி.

திறந்தோம். பெரிதாக்கினோம். இலக்கத்தில் இருந்தது எட்டு. முத்திரையின் வட்டத்தில் சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் சுற்றிப் போயின. பதிவாளரின் கையெழுத்தில் பேனா அழுத்திய இடம் கூடத் தெரிந்தது. பக்கத்தைத் தள்ளினால் பின்பக்கம். தங்கச்சி குனிந்து, தன் பெயரையும் அம்மாவின் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

மூன்று இருபத்தைந்து. கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாடு முழுக்க எல்லோரும் அந்த நேரத்தில் அதைத்தான் திறந்திருப்பார்கள். நானா ஒரு தரம் மூடித் திறந்தார். வெள்ளைத் திரை. இன்னொரு தரம். சின்னம்மா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு அதில் ஒன்றும் வாசிக்கத் தெரியாது. வட்டம் சுற்றுவது தெரியும்.

"இது என்னா இது, சுத்துது?"

"யோசிக்குது அம்மா," என்றார் நானா.

"என்னா யோசன? நல்லாத்தானே இருக்கு பத்திரம்."

மூன்று முப்பத்தேழுக்குப் பக்கம் திறந்தது. தங்கச்சியின் அடையாள அட்டை இலக்கத்தை நான் சொல்ல, நானா அடித்தார். கோப்பைத் தெரிவுசெய்தார். கீழே ஒரு நீலப் பட்டை மெதுவாக நகர்ந்தது. பாதியில் நின்றது. பிறகு நகர்ந்து முடிந்தது. சமர்ப்பிக்கவும் என்ற பொத்தான் தெரிந்தது.

"அவளே அழுத்தட்டும்," என்றேன்.

தங்கச்சி மவுஸைப் பிடித்து அழுத்தினாள். ஒரு புதுப் பக்கம் வந்தது. ஆவணம் பெறப்பட்டது. பார்வையிட என்று அதன் கீழே ஓர் இணைப்பு. நானா அதையும் அழுத்தினார். அவர்களுடைய பக்கத்திலிருந்தே பத்திரம் திறந்தது, இரண்டு பக்கமும்.

அது திறந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது தங்கச்சி முன்னால் போனாள், எங்கள் பக்கம் போகும் லுணுகலை பஸ் நிற்கிறதா என்று பார்க்க. நானும் சின்னம்மாவும் பின்னால் நடந்தோம். கடையில் நான் ஒத்துக்கொண்டது பாதி. மற்றப் பாதியைத் தங்கச்சி ஊகித்திருப்பாள், அவள் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அவர் அந்தச் சேலையில், அந்தப் பையை அணைத்துக்கொண்டு நடந்தார்.

"சின்னம்மா," என்றேன். "நேத்து ஒங்ககிட்ட சொல்லும்போதே எனக்குத் தெரியும். பத்திரத்துல ஒண்ணும் இல்லன்னு. நான்தான் பெழையா அனுப்பினேன்னு."

அவர் நடையை நிறுத்தவில்லை.

"நேத்தே தெரியும்?"

"தெரியும்."

"நான் சத்தியக் கடதாசி குடுக்கிறேன்னு சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்."

தங்கச்சி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பஸ் நின்றது. ஏறினோம். சின்னம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார், எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் தங்கச்சி முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். பசறை முடிந்து தேயிலை தொடங்கும் வரை சின்னம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"ராவு பூரா யோசிச்சேன்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "எங்க பெழ விட்டேன்னு. ஆஸ்பத்திரியில பொறப்பு பதிஞ்ச அந்த மிஸ்ஸுகிட்ட ஒவ்வொண்ணா சொன்னேன். அவங்க எழுதினாங்க. அதுல எதச் சொல்லாம விட்டேன்னு யோசிச்சேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் பையைச் சரிசெய்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பத்திரம் சரிதானே?"

"சரி சின்னம்மா."

"எதுவுமே பெழ இல்லியே?"

"இல்ல."

"இன்னொரு தரம் சொல்லு."

"பத்திரம் சரி," என்றேன். "பெழ என்னோடது."

அவர் தலையை ஆட்டினார். இறங்கும்போது முன்னால் போய்த் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி லயத்துப் பாதையில் ஏறினார். நான் கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.